மதுரையில் தனியார் மருத்துவமனைப் பிரசவம்: நம் கையிலிருந்து எவ்வளவு போகும்?

பிரசவத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மருத்துவமனை வரவேற்பில் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். கம்பெனி இன்சூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு தொகை சொல்வார்கள். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மீதியை வைத்துக்கொண்டால் போதும் என்று பெரும்பாலான குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போவதற்குக் காரணம் நாம் தேர்ந்தெடுக்கும் அறை. அறையின் வாடகை பில்லில் ஒரு வரி மட்டுமே. ஆனால் அதை வைத்துத்தான் மற்ற பல வரிகள் கூடுவதும், இன்சூரன்ஸ் தருவது குறைவதும் நடக்கின்றன.

கணக்கைத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: சுகப்பிரசவத்தை வைத்துக் கணக்கிடுவதா, சிசேரியனை வைத்துக் கணக்கிடுவதா? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன்; அரசு மருத்துவமனைகளில் அது 36 விழுக்காடு. எனவே தனியார் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், டாக்டர் “எல்லாம் நார்மலாகத்தான் இருக்கிறது” என்று சொல்லியிருந்தாலும், சிசேரியன் செலவைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். சுகப்பிரசவமானால் மிஞ்சும் பணம் குழந்தைக்கு உதவும்.

அடுத்து பாலிசியைப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட முறையில் எடுக்கும் ஹெல்த் பாலிசிகளில் பிரசவச் செலவு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும்; கருக்குழாயில் தங்கும் கர்ப்பம் அந்த விலக்குக்கு உட்படாதது. பிரசவத்தையும் சேர்த்துத் தரும் பாலிசிகளில் காத்திருப்புக் காலம் இருக்கும். பலவற்றில் அது ஆண்டுக் கணக்கில் நீளும். ஆகவே கர்ப்பம் உறுதியான பிறகு பாலிசி எடுத்து அந்தப் பிரசவத்துக்குப் பணம் பெறலாம் என்பது நடக்காத காரியம். வேலை செய்யும் நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும் என்பதால், நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பிரசவத்தில் கைகொடுப்பது பெரும்பாலும் அதுதான். இந்தக் கட்டுரையும் அதையே எடுத்துக்கொள்கிறது.

குழுக் காப்பீட்டு ஆவணத்தில் நான்கு வரிகளைத் தேடிப் படித்தால் போதும். முதலாவது, பிரசவ உச்சவரம்பு: காப்பீட்டுத் தொகை 3 லட்சம் என்று அட்டையில் இருந்தாலும் பிரசவத்துக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் ஒதுக்கப்பட்டிருக்கும்; சுகப்பிரசவத்துக்கு ஒன்று, சிசேரியனுக்கு ஒன்று என இரண்டு தொகைகள் இருப்பது வழக்கம். இரண்டாவது, ஒரு நாள் அறை வாடகை வரம்பு: பல பாலிசிகளில் இது காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு, அதாவது 3 லட்சத்துக்கு 3,000 ரூபாய். மூன்றாவது, கோ-பே எனப்படும் நம் பங்கு: ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகையிலும் ஒரு விழுக்காட்டை நாமே கட்ட வேண்டும் என்பது இதன் பொருள். நான்காவது, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா என்பது. இவற்றோடு, மனைவியின் பெயர் பாலிசியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். திருமணம் முடிந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் சேர்க்காவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு.

அறை வாடகை வரம்பைப் பற்றிப் பலர் வைத்திருக்கும் எண்ணம் இதுதான்: வரம்பு 3,000, நாம் எடுப்பது 4,500 ரூபாய் அறை, எனவே நாளொன்றுக்கு 1,500 ரூபாய் கையிலிருந்து போகும், நான்கு நாளுக்கு 6,000 ரூபாய், அதைப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, பல மருத்துவமனைகள் அறையின் தரத்தைப் பொறுத்தே அறுவைச் சிகிச்சைக் கட்டணம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் ஆகியவற்றையும் வைத்திருக்கின்றன. டாக்டரும் தியேட்டரும் அதேதான், அறை மாறினால் கட்டணம் மாறுகிறது. மற்றொன்று, வரம்பை மீறிய அறை எடுத்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் வாடகையை மட்டும் குறைக்காமல், அதே விகிதத்தில் மற்றக் கட்டணங்களையும் குறைக்கும். இதை விகிதாசாரக் கழிவு என்பார்கள்.

இந்தக் கழிவுக்கு எல்லைகள் உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2020இல் வகுத்த விதிப்படி, மருந்து, உபயோகப் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றின் விலையில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையானால் இந்தக் கழிவையே செய்யக் கூடாது. மதுரையைச் சுற்றியுள்ள சிறிய நர்சிங் ஹோம்களில் எந்த அறைக்கும் ஒரே டாக்டர் கட்டணம் வாங்கும் வழக்கம் இருக்கலாம். அப்படியானால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருமங்கலத்துப் பெண், கணவர் சென்னையில் வேலை பார்க்கிறார், தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார், மதுரை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கணவரின் குழுக் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகை 3 லட்சம், சிசேரியன் உச்சவரம்பு 75,000 ரூபாய், அறை வரம்பு நாளொன்றுக்கு 3,000 ரூபாய், கோ-பே 10 விழுக்காடு. சிசேரியன், நான்கு நாள் தங்கல். இதில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் மருத்துவமனையின் கட்டணப் பட்டியலை வாங்கி இதே இடங்களில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

| பில்லில் உள்ள வரி | இருவர் பகிரும் அறை (நாளுக்கு 3,000) | தனி ஏ.சி. அறை (நாளுக்கு 4,500) |
|---|---|---|
| அறை வாடகை, 4 நாள் | 12,000 | 18,000 |
| நர்சிங், டியூட்டி டாக்டர் | 5,000 | 6,000 |
| அறுவைச் சிகிச்சை, மயக்க மருந்து டாக்டர்கள் | 34,000 | 40,000 |
| தியேட்டர் | 12,000 | 14,000 |
| மருந்து | 16,000 | 16,000 |
| பரிசோதனை | 4,000 | 4,000 |
| இன்சூரன்ஸ் ஏற்காத பொருட்கள் | 6,000 | 6,000 |
| மொத்தம் | 89,000 | 1,04,000 |

பகிரும் அறையில் வாடகை வரம்புக்குள் இருப்பதால் கழிவு எதுவும் இல்லை. இன்சூரன்ஸ் ஏற்காத 6,000 ரூபாயை நீக்கினால் மிஞ்சுவது 83,000. உச்சவரம்பு 75,000 என்பதால் அதற்கு மேற்பட்ட 8,000 ரூபாய் குடும்பத்தின் பொறுப்பு. 75,000இல் கோ-பே 10 விழுக்காடு, அதாவது 7,500 ரூபாய். ஆக இன்சூரன்ஸ் தருவது 67,500; குடும்பம் கட்டுவது 21,500.

தனி அறையில் கணக்கு வேறு. 4,500 ரூபாய் வாடகையில் 3,000 மட்டுமே ஏற்கப்படும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எனவே வாடகையில் 18,000க்கு 12,000 ஏற்கப்படும். நர்சிங், டாக்டர்கள், தியேட்டர் ஆகிய மூன்றும் சேர்ந்த 60,000 ரூபாயிலும் மூன்றில் இரண்டு பங்காக 40,000 மட்டுமே ஏற்கப்படும். மருந்தும் பரிசோதனையும் 20,000 முழுமையாக ஏற்கப்படும். மொத்தம் 72,000. அது உச்சவரம்புக்குள்ளேயே இருக்கிறது. அதில் கோ-பே 7,200 போக, இன்சூரன்ஸ் தருவது 64,800; குடும்பம் கட்டுவது 39,200.

வாடகையில் தெரிந்த வித்தியாசம் 6,000 ரூபாய். கையிலிருந்து போகும் பணத்தில் வித்தியாசம் 17,700 ரூபாய். இந்த 17,700 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால், 15,000 ரூபாய் மருத்துவமனையின் பில் கூடியதால் வந்தது. இன்சூரன்ஸ் குறைத்ததால் வந்தது 2,700 மட்டுமே. விகிதாசாரக் கழிவில் 26,000 ரூபாய் வெட்டப்பட்டபோதும் இழப்பு அவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம், கூடுதலாக வந்த பில்லை எப்படியும் 75,000 என்ற உச்சவரம்பு தடுத்திருக்கும் என்பதுதான். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். உச்சவரம்பு குறைவாக உள்ள பாலிசியில் கழிவு அவ்வளவாக வலிக்காது. உச்சவரம்பு 50,000 என்று வைத்துக்கொண்டால் இரண்டு அறைகளிலும் கிடைப்பது ஒரே 45,000தான், வித்தியாசம் பில்லில் கூடிய 15,000 மட்டுமே. மாறாக உச்சவரம்பு 1 லட்சம் உள்ள நல்ல பாலிசியில், பகிரும் அறைக்கு 74,700 கிடைக்கும், தனி அறைக்கு அதே 64,800தான் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே குடும்பத்துக்கு வரும் வித்தியாசம் 24,900 ஆகிவிடும். அதாவது பாலிசி தாராளமாக இருக்க இருக்க, அறை விஷயத்தில் வரம்பை மீறுவது அதிக நஷ்டம். “நல்ல பாலிசிதானே இருக்கிறது, நல்ல அறையாக எடுப்போம்” என்ற நினைப்பு தலைகீழாகப் போகும் இடம் இதுதான்.

இதற்காகத் தனி அறை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தையலோடு படுத்திருக்கும் பெண்ணுக்கும், பால் கொடுக்கப் பழகும் நாட்களுக்கும், உடன் தங்கும் தாய்க்கும் தனி அறை பெரிய வசதி. அதன் உண்மையான விலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அறை வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக, 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் டீலக்ஸ் அறை பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறை வரம்பைப் பார்க்கும்போது இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். சில பாலிசிகளில் வரம்பு வாடகைக்கு மட்டும். வேறு சிலவற்றில் வாடகையும் நர்சிங் கட்டணமும் சேர்ந்தே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். 2,800 ரூபாய் அறை என்று நிம்மதியாக எடுத்தபின், நாளொன்றுக்கு 700 ரூபாய் நர்சிங் கட்டணம் சேர்ந்து 3,500 ஆகி, கழிவு தொடங்கிவிடும். எனவே அறையின் விலையைக் கேட்கும்போது, அதோடு தினமும் என்னென்ன சேரும் என்றும் கேட்க வேண்டும்.

கோ-பேயிலும் அப்படியொரு நுணுக்கம் உண்டு. மேலே பகிரும் அறைக் கணக்கில், உச்சவரம்பை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு கோ-பேயைக் கழித்தோம். சில பாலிசிகள் கோ-பேயை முதலில் கழிக்கும்: 83,000இல் 8,300 போக 74,700, அது 75,000க்குள் இருப்பதால் முழுவதும் கிடைக்கும். வரிசை மாறியதால் மட்டும் 7,200 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் ஒரே கேள்வியாக இதைக் கேட்டுவிடலாம்: “மகப்பேறு உச்சவரம்புக்கு முன்பா, பின்பா கோ-பே?” வாய்மொழியாக வரும் பதிலைவிட மின்னஞ்சலில் வரும் பதில் நல்லது.

சுகப்பிரசவமானால் எப்படி இருக்கும் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு நாள் தங்கல், பகிரும் அறை, மொத்த பில் 51,000, அதில் ஏற்காத பொருட்கள் 4,000, சுகப்பிரசவ உச்சவரம்பு 50,000 என்று கொண்டால், ஏற்கப்படுவது 47,000, கோ-பே 4,700, கிடைப்பது 42,300, குடும்பம் கட்டுவது 8,700. ஆகவே இந்தக் குடும்பத்துக்கு வரக்கூடிய செலவு 8,700 என்ற கீழ் எல்லைக்கும் 39,200 என்ற மேல் எல்லைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. கையில் வைத்திருக்க வேண்டியது மேல் எல்லைத் தொகையும், அதற்கு மேல் குழந்தைக்கான தொகையும்.

குழந்தையின் செலவை இதுவரை சேர்க்கவில்லை. குழந்தை பிறந்தவுடன் அதற்குத் தனியாக ஓர் அனுமதி எண் போட்டு, குழந்தை மருத்துவர் கட்டணம், தடுப்பூசி, இரத்த வகைப் பரிசோதனை ஆகியவற்றைத் தனி பில்லாகத் தரும் மருத்துவமனைகள் பல. ஆரோக்கியமான குழந்தைக்கான இந்தச் செலவைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும் தாயின் பிரசவ உச்சவரம்புக்குள்ளேயே அடக்கிவிடும். நம் கணக்கில் உச்சவரம்பு ஏற்கெனவே தீர்ந்தோ தீரும் நிலையிலோ இருப்பதால், அது பெரும்பாலும் கையிலிருந்துதான். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு ஒளிச்சிகிச்சை தேவைப்பட்டாலோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தாலோ கணக்கு முற்றிலும் மாறும். முதல் நாளிலிருந்து குழந்தைக்குக் காப்பீடு தரும் பாலிசியில், குழந்தையின் சிகிச்சை குடும்பத்தின் முழுக் காப்பீட்டுத் தொகையான 3 லட்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படலாம். அல்லது அதையும் பிரசவ உச்சவரம்புக்குள் அடைக்கும் பாலிசியாகவும் இருக்கலாம். இந்த இரண்டில் நம்முடையது எது என்பதுதான் முழு மதிப்பீட்டிலும் மிகப் பெரிய தொகையைத் தீர்மானிக்கும் கேள்வி. மேலே சொன்ன நான்கு வரிகளில் நேரம் குறைவாக இருந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. “பேக்கேஜ்” என்று ஒரே தொகை சொன்னால், அதில் எத்தனை நாள் தங்கல் அடக்கம், மருந்து அடக்கமா, வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி அடக்கமா, இரத்தம் ஏற்ற நேர்ந்தால் என்ன ஆகும், குழந்தையின் பில் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தப் பேக்கேஜ் இன்சூரன்ஸில் வருபவர்களுக்கும் பொருந்துமா, ரொக்கம் கட்டுபவர்களுக்கு மட்டுமா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு கட்டணப் பட்டியல் இருந்தால், நாம் பார்த்த கணக்கை இன்சூரன்ஸ் பட்டியலை வைத்தே போட வேண்டும். இன்சூரன்ஸ் ஏற்காத பொருட்கள் என்ற வரியில் கையுறை, பேட், டயபர், பதிவுக் கட்டணம், உடன் தங்குபவரின் சாப்பாடு போன்றவை வரும். அவற்றில் பேட், டயபர் ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டுபோக அனுமதி உண்டா என்றும் கேட்கலாம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களில் நீண்ட காலமாகப் பார்த்துவரும் டாக்டரின் சிறிய நர்சிங் ஹோமிலேயே பிரசவம் பார்க்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இல்லாவிட்டால் பெரும்பாலும் முழுப் பணத்தையும் முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். மேலும், அந்த இடம் பாலிசியின் பார்வையில் “மருத்துவமனை”யாக இருக்க வேண்டும்: மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், அதற்கு மேற்பட்ட ஊரில் 15 படுக்கைகள், முழு நேர நர்ஸ்கள், டாக்டர், தியேட்டர் போன்றவை இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.

பட்டியலில் உள்ள மருத்துவமனையானால், பிரசவ தேதிக்கு ஒரு மாதம் முன்பே அங்குள்ள இன்சூரன்ஸ் மேசைக்குப் போய், இ-கார்டையும் ஆதாரையும் காட்டி, முன் அனுமதிப் படிவத்தை நிரப்பும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் வரும் ஒப்புதல் ஒரு பகுதித் தொகைக்குத்தான் வரும். மீதி கடைசியில் வரும் என்பதால் மருத்துவமனை முன்பணம் கேட்கும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேர இறுதி ஒப்புதலுக்கு மருத்துவமனையின் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் வாங்கினால் அதை இன்சூரன்ஸ் நிறுவனமே ஏற்க வேண்டும். இந்த மூன்று மணி நேரம், மருத்துவமனை இறுதி பில்லை அனுப்பிய பிறகே தொடங்கும். டாக்டர் காலையில் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்ன நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டு கோபப்படுபவர்கள், பில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

கணவன், மனைவி இருவருக்கும் வேலை இருந்து, மனைவியின் பெயர் இரண்டு நிறுவனக் காப்பீடுகளிலும் இருந்தால், முதல் பாலிசியின் உச்சவரம்புக்கு மேல் போன பகுதியை இரண்டாவதில் கேட்கலாம். அதற்கு முதல் நிறுவனத்தின் தீர்வுக் கடிதமும் பில் நகல்களும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பகிரும் அறைக்கு உச்சவரம்புக்கு மேல் நின்ற 8,000 ரூபாய் அப்படிக் கேட்கக்கூடிய தொகை.

தலைப்பிரசவச் செலவைப் பெண்ணின் பெற்றோர் ஏற்கும் வழக்கம் உள்ள வீடுகளில், பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சிறு விஷயத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பில்லை மாமனார் கட்டியிருந்தாலும், இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் குழுக் காப்பீட்டில் உள்ள ஊழியரான மருமகனின் வங்கிக் கணக்கில்தான் போடும். டிஸ்சார்ஜ் சுருக்கம், இறுதி பில், வரிவரியான பில் விவரம், மருந்து பில்கள், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் அசல்கள் மதுரையில் இருக்க, அவற்றை அனுப்ப வேண்டியவர் சென்னையில் இருப்பார். எனவே டிஸ்சார்ஜ் அன்றே அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.